மெத்தோட்ரெக்ஸேட்: வாரத்துக்கு ஒரு முறை மருந்து, நாள்தோறும் உட்கொண்டால் நஞ்சு – மீட்பு மருந்து செயல்படுவது எப்படி?

முடக்குவாதம், சோரியாசிஸ் ஆகிய நோய்களுக்கு வாரம் ஒரு முறை மாத்திரையாக வழங்கப்படும் மெத்தோட்ரெக்ஸேட், சில புற்றுநோய்களுக்குப் பல கிராம் அளவில் நரம்பு வழியாகச் செலுத்தப்படுகிறது. 15 மில்லிகிராம் மாத்திரையை ஒரு வாரம் நாள்தோறும் உட்கொண்ட முடக்குவாத நோயாளி உயிரிழக்க நேரிடலாம். அதே மருந்தை 18 கிராம் பெற்ற எலும்புப் புற்றுநோயாளி சில நாட்களில் நலமாக வீடு திரும்பலாம். முரணாகத் தோன்றும் இந்த வேறுபாட்டுக்குக் காரணம், மருந்து உடலில் தங்கும் கால அளவும், அதன்பின் உரிய நேரத்தில் அளிக்கப்படும் மீட்பு மருந்தும் ஆகும்.

ஃபோலேட் சுழற்சியும் அதன் தடையும்

ஃபோலிக் அமிலம் பி வகை வைட்டமின்களுள் ஒன்று. உடலுக்குள் சென்ற வடிவிலேயே அது பயன்படுவதில்லை. உயிரணுவிலுள்ள டைஹைட்ரோஃபோலேட் ரிடக்டேஸ் என்னும் நொதி அதனை டெட்ராஹைட்ரோஃபோலேட் என்ற செயல்படும் வடிவமாக மாற்ற வேண்டும். மரபணுப் பொருளான டி.என்.ஏ.வின் நான்கு எழுத்துகளுள் ஒன்றான தைமின் உருவாவதற்கு இந்த வடிவம் இன்றியமையாதது.

தைமின் தயாரிப்பில் ஒரு சிக்கல் உண்டு. ஒவ்வொரு முறை அது நடைபெறும்போதும், செயல்படும் ஃபோலேட் பழைய செயலற்ற வடிவத்துக்குத் திரும்பிவிடுகிறது. அதை மீண்டும் செயல்படும் வடிவமாக்குவதும் அதே ரிடக்டேஸ் நொதியின் வேலையே. எனவே, விரைவாகப் பிரியும் உயிரணுக்களில் இந்தச் சுழற்சி இடைவிடாது சுழன்றுகொண்டிருக்க வேண்டும்.

மெத்தோட்ரெக்ஸேட் தோற்றத்தில் ஃபோலிக் அமிலத்தைப் பெரிதும் ஒத்திருக்கும். அந்த நொதியில் ஃபோலேட் அமர வேண்டிய இடத்தில் இது மிக இறுக்கமாக அமர்ந்துகொள்கிறது. சுழற்சி நின்றுவிடுகிறது, செயலற்ற ஃபோலேட் குவிகிறது, தைமின் கிடைக்காமல் உயிரணு பிரிய முடியாது மடிகிறது. புற்று உயிரணுக்கள் விரைவாகப் பிரிவதால் பெரிதும் பாதிக்கப்படுகின்றன. ஆனால், எலும்பு மஜ்ஜை, வாயின் உட்சவ்வு, குடலின் உட்சவ்வு ஆகியவையும் அதேபோல் விரைவாகப் பிரியும் இயல்புடையவை. மருந்தின் நச்சு விளைவுகள் முதலில் அந்த இடங்களில் வெளிப்படுவதற்கு இதுவே காரணம்.

உயிரணுவுக்குள் நுழைந்த மெத்தோட்ரெக்ஸேட்டுடன் குளூட்டமேட் மூலக்கூறுகள் ஒன்றன்பின் ஒன்றாக இணைகின்றன. இவ்வாறு நீண்ட வடிவம் பெற்ற மருந்து எளிதில் வெளியேற முடியாமல் உள்ளேயே தங்கிவிடுகிறது. வாரத்துக்கு ஒரு முறை மட்டும் கொடுத்தாலும் முடக்குவாதத்தில் பலன் நீடிப்பதும், நாள்தோறும் கொடுத்தால் சிறிய அளவே கேடாக மாறுவதும் இந்தச் சேமிப்பினால்தான்.

மும்பை ஆய்வும் சுப்பாராவின் பங்கும்

இம்மருந்தின் வரலாற்றில் இந்தியாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. ஆங்கிலேய மருத்துவர் லூசி வில்ஸ், 1928 முதல் அன்றைய பம்பாயில், நெசவாலைத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த கர்ப்பிணிகளிடம் காணப்பட்ட கடும் இரத்தசோகையை ஆராய்ந்தார். ஈஸ்ட் சாறு அதனைக் குணப்படுத்துவதை 1931-இல் அறிவித்தார். அதிலிருந்த பொருளே பின்னாளில் ஃபோலிக் அமிலம் என்று அறியப்பட்டது. 1941-இல் கீரையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டபோது, இலையைக் குறிக்கும் இலத்தீன் சொல்லைக் கொண்டு அதற்குப் பெயரிடப்பட்டது.

ஆந்திரத்தின் பீமவரத்தில் 1895-இல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்று, அமெரிக்கா சென்ற எல்லாப்ரகட சுப்பாராவ், லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகத் தயாரிக்கும் பணிக்குத் தலைமை தாங்கினார். அதன் எதிர்ப்பொருள்களும் அங்கேயே உருவாயின. அவற்றுள் ஒன்றான அமினோப்டெரினைப் பாஸ்டன் மருத்துவர் சிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அளித்தார். 16 குழந்தைகளில் 10 பேரிடம் தற்காலிக முன்னேற்றம் காணப்பட்டதாக 1948-இல் அவர் வெளியிட்ட அறிக்கை, புற்றுநோய்க்கான மருந்துச் சிகிச்சையில் திருப்பமாக அமைந்தது. சற்றே மாறுபட்ட அமைப்புடைய மெத்தோட்ரெக்ஸேட் பின்னர் அமினோப்டெரினின் இடத்தைப் பிடித்தது. முடக்குவாதத்துக்கு இதனைப் பயன்படுத்த அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 1988-இல் ஒப்புதல் அளித்தது.

இரண்டு ஃபோலேட்டுகள், இரண்டு பணிகள்

மெத்தோட்ரெக்ஸேட்டுடன் தொடர்புடைய இரண்டு மருந்துகளின் பெயர்கள் பெரும்பாலும் குழப்பத்தை ஏற்படுத்துகின்றன. ஒன்று ஃபோலிக் அமிலம். மற்றொன்று ஃபோலினிக் அமிலம். மருந்துக் கடைகளில் லியூகோவோரின் என்ற பெயரில் அறியப்படுவது இதுவே.

ஃபோலிக் அமிலம் பயன்பட வேண்டுமானால் ரிடக்டேஸ் நொதியைக் கடந்தாக வேண்டும். அந்த நொதியைத்தான் மெத்தோட்ரெக்ஸேட் அடைத்து வைத்திருக்கிறது. கதவு பூட்டப்பட்டிருக்கையில் வாசலில் எவ்வளவு சரக்கைக் குவித்தாலும் உள்ளே செல்லாது. ஆகவே, மெத்தோட்ரெக்ஸேட் மிகுந்துவிட்ட நோயாளிக்கு ஃபோலிக் அமில மாத்திரைகளைக் கொடுப்பது சிகிச்சையாகாது.

லியூகோவோரின் ஏற்கெனவே செயல்படும் வடிவத்தைச் சேர்ந்தது. அடைபட்ட நொதியின் உதவி அதற்குத் தேவையில்லை. அது உயிரணுவுக்குள் நுழைந்து, தைமின் தயாரிப்பை மீண்டும் தொடங்கி வைக்கிறது. இதனாலேயே இச்சிகிச்சை 'மீட்பு' என்று அழைக்கப்படுகிறது.

எனினும், வாரம் ஒரு முறை மருந்து பெறும் முடக்குவாத நோயாளிக்கு ஃபோலிக் அமிலம் பயனற்றது அல்ல. குறைந்த அளவில் நொதி முழுமையாக அடைபடுவதில்லை. அந்நிலையில் ஃபோலிக் அமிலம் வாய்ப்புண், குமட்டல், கல்லீரல் நொதிகள் உயர்தல் ஆகியவற்றைக் குறைக்கிறது. மூட்டு வீக்கத்தைத் தணிக்கும் பலன் பெருமளவில் அடினோசின் என்னும் அழற்சி தணிக்கும் பொருள் வெளிப்படுவதால் கிடைக்கிறது என்று கருதப்படுகிறது. ஆதலால் ஃபோலிக் அமிலம் சேர்ப்பதால் அப்பலன் பெரிதாகக் குறைவதில்லை. வாரத்துக்கு 5 மில்லிகிராம் ஃபோலிக் அமிலத்தை, மெத்தோட்ரெக்ஸேட் உட்கொள்ளாத வேறொரு நாளில் எடுப்பது பரவலான நடைமுறை.

முடக்குவாதத்தில் நேரும் தவறு: ஓர் எடுத்துக்காட்டு

முடக்குவாதத்துக்கு இம்மருந்து பொதுவாக வாரத்துக்கு 7.5 முதல் 25 மில்லிகிராம் வரை வழங்கப்படுகிறது. மிகவும் அறியப்பட்ட ஆபத்து, வாராந்திர மருந்தை நாள்தோறும் உட்கொள்வது. மருந்துச் சீட்டை எழுதும்போதும், கடையில் மருந்து வழங்கும்போதும், மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும்போது சீட்டை மறுபடி எழுதும்போதும், வீட்டில் மாத்திரைகளைப் பிரித்து வைக்கும்போதும் இத்தவறு நிகழலாம். பல தயாரிப்புகளில் மெத்தோட்ரெக்ஸேட், ஃபோலிக் அமிலம் இரண்டுமே சிறிய மஞ்சள் நிற மாத்திரைகளாக இருப்பதும் குழப்பத்தைக் கூட்டுகிறது.

இத்தகைய நிலை எவ்வாறு உருவாகிறது என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டின் வழியே காணலாம். 62 வயதுப் பெண் ஒருவர் வாரத்துக்கு 15 மில்லிகிராம் மெத்தோட்ரெக்ஸேட்டும், மற்ற நாட்களில் ஃபோலிக் அமிலமும் எடுத்து வருகிறார். காய்ச்சலுக்காக மருத்துவமனையில் சேர்ந்து திரும்பும்போது அவரது சீட்டில் இரண்டு மருந்துகளின் அட்டவணை இடம் மாறிவிடுகிறது. மெத்தோட்ரெக்ஸேட் நாள்தோறும், ஃபோலிக் அமிலம் வாரம் ஒரு முறை என்று அவர் உட்கொள்ளத் தொடங்குகிறார். ஆறு நாட்களில் 90 மில்லிகிராம் உடலில் சேர்கிறது. அத்துடன், தடுப்பாக இருந்த ஃபோலிக் அமிலமும் குறைந்துவிடுகிறது.

ஐந்தாம் நாளில் வாயில் எரிச்சலும் புண்களும் தோன்றுகின்றன. இதுவே பெரும்பாலும் முதல் எச்சரிக்கை. உணவு விழுங்க முடியாமல் போகிறது. அடுத்து வயிற்றுப்போக்கு. நீரிழப்பால் சிறுநீரகத்தின் செயல்திறன் குறைகிறது. மெத்தோட்ரெக்ஸேட் பெரும்பாலும் சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், மருந்து மேலும் தங்குகிறது. இவ்வாறு ஒரு கேடு மற்றொரு கேட்டை வளர்க்கிறது. ஒன்பதாம் நாளில் காய்ச்சல் ஏற்படுகிறது.

இரத்தப் பரிசோதனையில் வெள்ளணுக்கள் 1,100, தட்டணுக்கள் 32,000 என்று காணப்படுகின்றன. ஹீமோகுளோபின் அவ்வளவாகக் குறையவில்லை. இதற்கு விளக்கம் உண்டு: நுண்கிருமிகளை எதிர்க்கும் நியூட்ரோஃபில் வெள்ளணுக்கள் இரத்தத்தில் மிகக் குறுகிய காலமே வாழ்கின்றன, தட்டணுக்கள் 8 முதல் 10 நாட்கள், சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள். மஜ்ஜையின் உற்பத்தி நின்றால், குறைந்த ஆயுள் கொண்டவை முதலில் தீர்ந்துபோகின்றன.

இந்நிலையில் இரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் அளவைச் சோதித்தால், அது மிகக் குறைவாகவோ கண்டறிய முடியாததாகவோ இருக்கலாம். மருந்து உயிரணுக்களுக்குள் சேமிக்கப்பட்டுவிட்டதே காரணம். அளவு இயல்பாக உள்ளது என்பதற்காக மீட்புச் சிகிச்சையைத் தாமதித்தல் கூடாது. இங்கு முடிவு செய்ய வேண்டியது உட்கொண்ட விவரம், வாய்ப்புண், இரத்த அணுக்களின் எண்ணிக்கை ஆகியவற்றைக் கொண்டுதான்.

சிகிச்சையில் முதல் படி, மெத்தோட்ரெக்ஸேட்டை நிறுத்துதல். அடுத்து, லியூகோவோரின் 15 மில்லிகிராம் என்ற அளவில் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை நரம்பு வழியாகத் தொடங்கப்பட்டு, இரத்த அணுக்கள் மீளும் வரை தொடரப்படுகிறது. குடல் உட்சவ்வு புண்பட்டு, வாந்தியும் வயிற்றுப்போக்கும் உள்ளவருக்கு மாத்திரையை நம்ப இயலாது. நீரிழப்பு சீர்செய்யப்படுகிறது. வெள்ளணுக்கள் குறைந்த நிலையில் காய்ச்சல் இருந்தால், பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல் நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்து தொடங்கப்படுகிறது. மஜ்ஜை மீள்வதற்கு ஒன்று முதல் இரண்டு வாரங்கள் ஆகலாம். அதுவரை நோய்த்தொற்றிலிருந்து காப்பதே சிகிச்சையின் பெரும்பகுதி.

அந்த எதிர்ப்பு மருந்து கோட்ரைமாக்சசோலாக இருந்துவிடக் கூடாது. சிறுநீர்த் தொற்றுக்குப் பரவலாக வழங்கப்படும் இதில் உள்ள டிரைமெத்தோப்ரிம், ஃபோலேட் சுழற்சியைத் தானும் தடுக்கிறது. மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதையும் குறைக்கிறது. வாராந்திர அளவைச் சரியாக உட்கொண்டு வந்த நோயாளிகளிடமும் இக்கூட்டு மஜ்ஜையைக் கடுமையாக ஒடுக்கியுள்ளது. சிறுநீரகக் குறைபாடும் முதுமையும் உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம்.

புற்றுநோயில் திட்டமிட்டு அளிக்கப்படும் மீட்பு

எலும்புப் புற்றுநோயான ஆஸ்டியோசர்கோமாவுக்கு, உடற்பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 8 முதல் 12 கிராம் மெத்தோட்ரெக்ஸேட் செலுத்தப்படுகிறது. 1.5 சதுர மீட்டர் உடற்பரப்புள்ள இளைஞருக்கு 12 கிராம் வீதம் கணக்கிட்டால் 18 கிராம். வாரத்துக்கு 15 மில்லிகிராம் பெறும் முடக்குவாத நோயாளி இந்த அளவை எட்ட 23 ஆண்டுகள் ஆகும்.

இவ்வளவு உயர்ந்த அளவு தேவைப்படுவதற்குக் காரணம் உண்டு. சில புற்று உயிரணுக்களில், மருந்தை உள்ளே கொண்டுசெல்லும் கடத்தி குறைவாக உள்ளது. இரத்தத்தில் செறிவை மிகவும் உயர்த்தினால், கடத்தி இல்லாமலும் மருந்து உள்ளே ஊடுருவும். லியூகோவோரினும் அதே கடத்தி வழியாகவே நுழைவதால், பின்னர் குறைந்த அளவில் அளிக்கப்படும் மீட்பு, இயல்பான உயிரணுக்களையே அதிகம் சென்றடைகிறது.

மருந்து செலுத்தத் தொடங்கி 24 மணி நேரம் கழிந்த பின்னரே பொதுவாக மீட்பு தொடங்குகிறது. அதற்கு முன் தொடங்கினால் புற்று உயிரணுக்களும் தப்பிவிடலாம். மிகவும் தாமதித்தால், மஜ்ஜையிலும் குடலிலும் ஏற்பட்ட சேதம் மீளாத நிலையை அடையும். சிகிச்சையின் வெற்றி இந்தக் குறுகிய கால இடைவெளியில் அடங்கியுள்ளது.

வழக்கமான மீட்பு அளவு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 மில்லிகிராம் லியூகோவோரின், ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை. இரத்தத்தில் மெத்தோட்ரெக்ஸேட் லிட்டருக்கு 0.1 மைக்ரோமோலுக்குக் கீழ் குறையும் வரை இது தொடரும். நான்கு மணி நேரத்தில் மருந்து செலுத்தப்பட்ட ஆஸ்டியோசர்கோமா நோயாளிக்கு, 24-ஆம் மணியில் 10 மைக்ரோமோல், 48-ஆம் மணியில் 1, 72-ஆம் மணியில் 0.1 ஆகியவற்றுக்குக் கீழ் இருப்பது எதிர்பார்க்கப்படும் இறக்கம். முடக்குவாத நோயாளியிடம் பெரிதும் பயன்படாத இரத்த அளவுப் பரிசோதனை, இங்கு மீட்பை வழிநடத்தும் திசைகாட்டியாகிறது.

லியூகோவோரினும் மெத்தோட்ரெக்ஸேட்டும் உயிரணுவுக்குள் நுழையப் போட்டியிடுவதால், மெத்தோட்ரெக்ஸேட் அளவு உயர்ந்தே இருந்தால் லியூகோவோரின் அளவையும் உயர்த்த வேண்டும். தீவிர நிலையில் 150 மில்லிகிராம் அளவில் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை செலுத்துவதும் உண்டு. வாய்வழி அளித்தால் 25 மில்லிகிராமுக்கு மேல் குடல் உறிஞ்சும் பங்கு குறைந்துகொண்டே போவதால், உயர் அளவுகள் நரம்பு வழியாகவே அளிக்கப்படுகின்றன.

சிறுநீரகத்தைக் காத்தல்

உயர் அளவுச் சிகிச்சையில் முதன்மையான ஆபத்து சிறுநீரகத்தில் உள்ளது. அமிலத்தன்மையுள்ள சிறுநீரில் மெத்தோட்ரெக்ஸேட் எளிதில் கரையாது. நுண்குழாய்களில் படிகங்களாகப் படிந்து அவற்றை அடைத்துவிடும். இதைத் தவிர்க்க, மருந்து தொடங்கும் முன்பே சோடியம் பைகார்பனேட் கலந்த திரவம் செலுத்தப்பட்டு, சிறுநீரின் பி.எச். அளவு 7 அல்லது அதற்கு மேல் கொண்டுவரப்படுகிறது. செவிலியர்கள் ஒவ்வொரு முறையும் சிறுநீரைச் சோதிக்கின்றனர். பி.எச். 7-க்குக் கீழ் இருந்தால் மருந்து தொடங்கப்படுவதில்லை.

நுரையீரல் உறையிலோ வயிற்றிலோ நீர் கோத்திருக்கும் நோயாளியிடம் மற்றொரு சிக்கல் எழுகிறது. மருந்து அந்த நீரில் தேங்கி, பல நாட்கள் மெல்லக் கசிந்து இரத்தத்தில் கலக்கும். ஆகவே, அந்நீரை முன்னரே வெளியேற்றுவது வழக்கம். வலி நிவாரணிகள், அமிலச் சுரப்பைக் குறைக்கும் சில மாத்திரைகள், பென்சிலின் வகை மருந்துகள் ஆகியவை மெத்தோட்ரெக்ஸேட் வெளியேறுவதைத் தாமதப்படுத்தக் கூடியவை என்பதால் அவையும் நிறுத்தி வைக்கப்படுகின்றன.

முதல் 24 மணி நேரத்தில் கிரியேட்டினின் அளவு பாதிக்கு மேல் உயர்ந்தால், மருந்து வெளியேறும் பாதை அடைபடுகிறது என்று பொருள். பெரும்பாலும் நோயாளிக்கு அப்போது எந்த அறிகுறியும் தெரியாது. சிறுநீரின் அளவும் குறையாதிருக்கலாம். எனவே இரத்தப் பரிசோதனையே ஒரே சான்று.

குளுகார்பிடேஸ் என்னும் இரண்டாம் அரண்

சிறுநீரகம் செயலிழந்து மருந்து அளவு இறங்காத நிலையில், குளுகார்பிடேஸ் என்ற நொதி மருந்து பயன்படுகிறது. 2012-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இது, இரத்தத்திலுள்ள மெத்தோட்ரெக்ஸேட்டை நேரடியாக வெட்டிச் செயலிழக்கச் செய்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 50 அலகு வீதம் ஒரு முறை அளித்தால், சில நிமிடங்களிலேயே இரத்த அளவு பெருமளவு இறங்கும்.

இதற்கு மூன்று வரம்புகள் உள்ளன. முதலாவது, இது உயிரணுக்களுக்குள் செல்லாது. ஆகவே உள்ளே தங்கிய மருந்துக்கு எதிராக லியூகோவோரினைத் தொடர்ந்தாக வேண்டும். இரண்டாவது, இந்நொதி லியூகோவோரினையும் வெட்டிவிடும். எனவே குளுகார்பிடேஸ் அளிப்பதற்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் லியூகோவோரின் அளிக்கப்படுவதில்லை. மூன்றாவது, வெட்டுண்ட துண்டுகளை வழக்கமான ஆய்வகச் சோதனை மெத்தோட்ரெக்ஸேட் என்றே கணக்கிட்டுவிடும். ஆதலால் 48 மணி நேரம் வரை அச்சோதனையின் முடிவு மெய்யான அளவைவிட உயர்ந்தே காட்டும்.

லியூகோவோரினுக்கும் ஒரு கடுமையான தடை உண்டு. முதுகுத் தண்டுவட நீரில் அதனைச் செலுத்தவே கூடாது; அவ்வாறு செலுத்துவது உயிருக்கே ஆபத்தாகும்.

தவறைத் தடுக்கும் வழிகள்

நாள்தோறும் உட்கொள்ளும் தவறு தொடர்வதைக் கண்ட ஐரோப்பிய மருந்துகள் முகமை, 2019-இல் புதிய நடைமுறைகளைப் பரிந்துரைத்தது. உறையில் தெளிவான எச்சரிக்கை, குப்பிக்குப் பதிலாக அட்டைப் பட்டையில் மாத்திரை, பயிற்சி பெற்ற மருத்துவர்கள் மட்டுமே பரிந்துரைத்தல் ஆகியவை அவற்றுள் அடங்கும்.

மருந்துச் சீட்டில் 'வாரம் ஒரு முறை' என்பதோடு, 'ஞாயிற்றுக்கிழமை மட்டும்' என்பதுபோல் கிழமையின் பெயரும், நோயின் பெயரும் எழுதப்பட்டிருந்தால், கடைக்காரரும் குடும்பத்தினரும் தவறை எளிதில் காண முடியும். ஒரு வார அளவுக்கு ஒரே வலிமையுள்ள மாத்திரைகளைப் பயன்படுத்துவதும் குழப்பத்தைக் குறைக்கும். தொடக்கத்தில் இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒரு முறையும், பின்னர் இரண்டு முதல் மூன்று மாதங்களுக்கு ஒரு முறையும், இரத்த அணுக்கள், கல்லீரல் நொதிகள், கிரியேட்டினின் ஆகியவை சோதிக்கப்படுகின்றன.

ஒரு வார அளவை மறந்தால், அடுத்த வேளையில் இரட்டிப்பாக உட்கொள்வது தவறு. கர்ப்ப காலத்தில் இம்மருந்து சிசுவுக்குக் கேடு விளைவிக்கும் என்பதால், கருத்தரிக்கத் திட்டமிடுவோர் முன்கூட்டியே மருத்துவரிடம் தெரிவித்து நிறுத்த வேண்டும். மெத்தோட்ரெக்ஸேட் உட்கொள்பவருக்குப் புதிதாக வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, காய்ச்சல், காரணமற்ற இரத்தக் கசிவு, மூச்சுத்திணறல் அல்லது விடாத வறட்டு இருமல் தோன்றினால், அடுத்த வேளை மருந்தை எடுக்காமல் அன்றே மருத்துவமனையை அணுக வேண்டும். அங்கு, மருந்தின் பெயரோடு, கடைசியாக எந்தெந்த நாட்களில் எத்தனை மாத்திரை உட்கொள்ளப்பட்டது என்பதையும் தெரிவிப்பது, லியூகோவோரின் தாமதமின்றித் தொடங்கப்பட உதவும்.